"யார் பார்த்தாங்க?": உதவித்தொகை நேர்காணலுக்கு நான் தயாரான 12 நாள்

பி.காம் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கிடைத்தது மாலை நேர ஷிப்ட், சுயநிதிப் பிரிவு. ஆண்டுக்கு 42,000 ரூபாய். அப்பா காசிமேடு துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார். அம்மா காலையில் வீட்டு வாசலில் இட்லிக் கடை போடுகிறார். முதல் தவணையை அம்மாவின் மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கட்டினோம். மீதிக்கு, மயிலாப்பூரில் இருக்கும் ஒரு அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தேன். ஜூலையில் ஒரு சனிக்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லி குறுஞ்செய்தி வந்தபோது கையில் 12 நாள் இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணா முந்தைய ஆண்டு இதே உதவித்தொகை வாங்கியவர். அவரிடம் போய் நின்றேன். வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "உன் பலம் என்ன?"

"கடின உழைப்பு, நேர்மை, தன்னம்பிக்கை" என்றேன். அதைத்தான் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"சரி, கடின உழைப்பு. எப்போ? எவ்வளவு? யார் பார்த்தாங்க?"

ஒன்றுக்கும் பதில் வரவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து படிப்பேன் என்று சொல்லிப் பார்த்தேன். "யார் பார்த்தாங்க?" என்று மறுபடி கேட்டார். மற்றவர் பார்த்திருக்கிற, எண்ணோடு சொல்லக்கூடிய ஒரு சம்பவம் கிடைக்கும்வரை பலம் என்று எதையும் சொல்லாதே என்றார். இரண்டு நாள் யோசித்தும் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. கடைசியில் அம்மாதான், "குழுக் கணக்கைச் சொல்லேன்" என்றார்.

அம்மாவின் குழுவில் 12 பேர். பத்தாம் வகுப்பு விடுமுறையிலிருந்து அதன் ரொக்கப் புத்தகத்தையும் கடன் பேரேட்டையும் நான்தான் எழுதுகிறேன். அதற்கு முன் ஊக்குநர் அக்காவே எழுதிக்கொண்டிருந்தார். நான் எழுத ஆரம்பித்த மாதமே கணக்கு இடித்தது. புத்தகப்படி 9,450 ரூபாய் இருக்க வேண்டும். வங்கியில் இருப்பதையும் பெட்டியில் இருப்பதையும் கூட்டினால் 7,650தான் வந்தது. 1,800 குறைகிறது. கூட்டத்தில் எல்லோரும் ஊக்குநர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் அழுதுவிட்டார்.

நான் 12 பேரின் தனித்தனிப் பாஸ் புத்தகங்களையும் வீட்டுக்கு வாங்கிவந்து ரொக்கப் புத்தகத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். மூன்று இரவு ஆனது. ஒரு பெரியம்மா கடனுக்குத் திருப்பிக் கட்டியது 1,300. பாஸ் புத்தகத்தில் சரியாக இருந்தது. ரொக்கப் புத்தகத்தில் அது 3,100 ஆகியிருந்தது. எண்கள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை.

இதைக் கேட்டதும் அண்ணா, "இதை வெச்சுக்கிட்டுத்தான் தன்னம்பிக்கைன்னு சொல்லிட்டிருந்தியா?" என்றார்.

ஆனால் முதல் தடவை சொன்னபோது நான்கு நிமிடம் ஓடியது. மொத்த நேர்காணலே கால்மணி நேரம்தான் இருக்கும், ஒரு பதில் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். கூட்டத்தில் நடந்த சண்டையை வெட்டினேன். ஊக்குநர் அக்கா அழுததையும் வெட்டினேன், அதைச் சொன்னால் கதை அவருடையதாகிவிடுகிறது. எவ்வளவு குறைந்தது, எதோடு எதை ஒப்பிட்டேன், எங்கே கிடைத்தது என்ற மூன்றும் மிஞ்சின. முதல் வரியாக, "கணக்கு பொருந்தவில்லை என்றால் பொருந்தும்வரை விடமாட்டேன், அதுதான் என் பலம்" என்று வைத்துக்கொண்டேன்.

பலத்தைவிட இலக்குதான் என்னைப் படுத்தியது. "சி.ஏ. ஆகி ஏழைகளுக்கு உதவுவேன்" என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். எத்தனை தாள், எப்போது எழுதலாம், தோற்றால் என்ன செய்வாய் என்று அண்ணா கேட்டபோதுதான், நான் போக நினைக்கிற வழியைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது என்று புரிந்தது. பள்ளியில் எனக்குக் கணக்குப்பதிவியல் எடுத்த மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். அவருடைய பழைய மாணவி ஒருவர் சி.ஏ. படிப்பின் ஆர்டிகிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சியில் இருந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து எனக்கு விளக்கினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் முதலில் ஃபவுண்டேஷன் எழுதலாம். நான்கு தாள், தலா 100 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் 40 எடுக்க வேண்டும், மொத்தத்தில் 200 எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தேர்ச்சி. ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது: ஜனவரி, மே, செப்டம்பர். அதற்கு மேல் இன்டர்மீடியட் இரண்டு குரூப், பிறகு இரண்டு ஆண்டு ஆர்டிகிள்ஷிப், அப்புறம் ஃபைனல். இன்னொரு வழியும் இருக்கிறது. பி.காம் படிப்பில் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம்.

இந்த இரண்டாவது வழி தெரிந்த பிறகுதான் என் பதிலுக்கு உருவம் வந்தது. பட்டம் முடியும்வரை காத்திருந்தால் மூன்று ஆண்டு போய்விடும். அதனால் ஃபவுண்டேஷனை முதல் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்துப் படித்து, அடுத்த ஆண்டு செப்டம்பரில் எழுதுவது. மே மாதம் வேண்டாம், செமஸ்டர் தேர்வோடு மோதும். கிடைக்காவிட்டால் 55 சதவீத வழி இருக்கிறது. ஏழைகளுக்கு உதவுவேன் என்ற வரியையும் விடவில்லை, ஆனால் மாற்றினேன்: எங்கள் பகுதியில் மகளிர் குழுக்களும் மீன் விற்கும் பெண்களும் கணக்கு எழுத ஆளில்லாமல் இருக்கிறார்கள், அந்த வேலையை முறையாகச் செய்ய வேண்டும் என்று. இதை என்னால் நேரில் பார்த்ததாகச் சொல்ல முடியும்.

கடைசி மூன்று நாள் கோப்புக்குப் போனது. விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் கையில் இல்லாமல் யாரும் தயாராகாதீர்கள், கேள்விகள் அதிலிருந்துதான் வருகின்றன. என் படிவத்தை பிரவுசிங் சென்டரில் ஒருவர் தட்டச்சு செய்தார். நான் பொழுதுபோக்கு எதுவும் சொல்லாததால் அவராக 'ரீடிங் புக்ஸ்' என்று போட்டிருந்தார். கடைசியாகப் படித்த புத்தகம் எது என்று கேட்டால் மாட்டியிருப்பேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றை அண்ணா கண்டுபிடித்தார். வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 96,000. படிவத்தில் 1,44,000. சான்றிதழ் வாங்கிய பிறகுதான் என் அண்ணன் டெலிவரி வேலைக்குப் போனான், படிவத்தில் அவன் தருகிற மாதம் 4,000 ரூபாயும் சேர்ந்திருந்தது. "அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லு" என்றார்.

சனிக்கிழமை காலை அம்மாவும் நானும் பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி திருமயிலையில் இறங்கினோம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: ஒரு பேராசிரியை, அறக்கட்டளையைச் சேர்ந்த ஒருவர், வயதான ஆடிட்டர் ஒருவர்.

பேராசிரியை ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். நான் கார்ப்பரேஷன் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். என்னை அறிமுகப்படுத்தும் நான்கு வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "மீதியைத் தமிழில் சொல்லலாமா மேடம்?" என்று கேட்டேன். தலையசைத்தார். வருமான விஷயத்தை அங்கேயே சொல்லிவிட்டேன். அறக்கட்டளைக்காரர் சான்றிதழில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு, "புதுமைப் பெண் பணம் வருமே?" என்றார். வரும், மாதம் 1,000, அதை ஃபவுண்டேஷன் பதிவுக்கும் புத்தகங்களுக்கும் வைத்திருக்கிறேன், கல்லூரிக் கட்டணத்தில் அதைக் காட்டவில்லை என்றேன். பொழுதுபோக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பலம் என்ன என்று கேட்டபோது குழுக் கணக்கைச் சொன்னேன். அதுவரை சாய்ந்திருந்த ஆடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"1,800 வித்தியாசம். மூணு ராத்திரி தேடினேன்னு சொல்றே. முதல்ல என்ன பாத்திருக்கணும்?"

இது மிஸ் பிறகு எனக்குச் சொல்லித் தந்தது. "வித்தியாசம் 9-ஆல் வகுபடுதான்னு பாத்திருக்கணும் சார். வகுபட்டா, எண் இடம் மாறியிருக்க வாய்ப்பு இருக்கு."

"எப்பவும் அப்படித்தானா?"

"இல்ல சார். 1,800 ரூபாய்க்கு ஒரு செலவே எழுதாம விட்டுப் போயிருந்தாலும் அதே வித்தியாசம்தான் வரும். 9-ஆல் வகுபடறது எங்க தேடலாம்னு காட்டும், அவ்வளவுதான்."

அவர் அடுத்ததாகக் கேட்டது: "சி.ஏ. தேர்வு ஆங்கிலத்துலயோ இந்தியிலயோதான் எழுதணும். நீ தமிழ் மீடியம். எப்படி?" ஒரு கோடு போட்ட நோட்டில் இடப்பக்கம் எங்கள் பாடநூல் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதிவருவதைச் சொன்னேன். குறிப்பேடு என்றால் ஜர்னல், பேரேடு என்றால் லெட்ஜர், இருப்பாய்வு என்றால் டிரையல் பேலன்ஸ். அப்படியானால் தேய்மானத்தை ஆங்கிலத்தில் விளக்கு என்றார். மெதுவாக, நடுவில் இரண்டு இடத்தில் நின்று, சொல்லி முடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

நான் தயாராகாத கேள்வி பேராசிரியையிடமிருந்து வந்தது. "எல்லாம் நினைச்சபடி நடந்தாலும் நீ சம்பாதிக்க அஞ்சாறு வருஷம் ஆகும். ஆர்டிகிள்ஷிப்ல கிடைக்கிறது கொஞ்சம்தான். அதுவரைக்கும் வீடு தாங்குமா?"

ஏழைகளைப் பற்றியெல்லாம் யோசித்த நான் இதை யோசிக்கவே இல்லை. சமாளித்துவிடுவோம் என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டு, "இதை வீட்டில் இன்னும் பேசவில்லை மேடம். காலையில் அம்மா கடைக்கு உதவிவிட்டுப் படிக்கலாம் என்பதால்தான் மாலை ஷிப்டுக்குச் சம்மதித்தேன். அதற்கு மேல் இப்போது பதில் இல்லை" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். திரும்பும்போது ரயிலில் அம்மாவிடம் அதே கேள்வியைக் கேட்டேன். திருமயிலையிலிருந்து பீச் வரை இரண்டு பேரும் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம். நேர்காணலுக்குப் போகும்போதே பேசியிருக்க வேண்டியது.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. 30,000 ரூபாய், நேராகக் கல்லூரிக் கணக்குக்கு. அடுத்த ஆண்டுக்கு வேண்டுமானால் ஒவ்வொரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலையும் வந்த 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முதல் பட்டியலைப் போன வாரம் அனுப்பினேன். குழுக் கடனில் இன்னும் மூன்று தவணை பாக்கி இருக்கிறது, அதையும் பேரேட்டில் நான்தான் எழுதுகிறேன்.