நேற்றைய விலையில் போட்ட ஒன்பது பில்கள்

எங்கள் நகைக்கடைக்கு 14 கிளைகள். தினமும் ஒரே தங்க, வெள்ளி விலையைத் தலைமை அலுவலகத்திலிருந்து எல்லாக் கிளைகளின் பில்லிங் மென்பொருளுக்கும் அனுப்பும் ஏற்பாட்டை நான்தான் செய்தேன். 9:15க்கு ஒருவர் விலையைப் பதிவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார், `30 9 * * *` என்ற அட்டவணைப்படி 9:30க்கு அது கிளைகளுக்குப் போய்விடும். இந்த ஏற்பாடு முழுவதும் இரண்டே நாளில் முடிந்தது.

மூன்றாம் வாரம், விலை இறங்கிய ஒரு காலையில், ஒரு கிளையில் வளையல் வாங்கிய வாடிக்கையாளர் பில்லையும் கடைப் பலகையையும் மாறி மாறிப் பார்த்து, கிராமுக்கு ஏன் வித்தியாசம் என்று கேட்டார். பலகையில் தொலைபேசியில் கேட்டு எழுதிய இன்றைய விலை இருந்தது. பில்லில் நேற்றைய விலை இருந்தது. அதற்குள் அங்கே ஒன்பது பில்கள் போட்டாகிவிட்டன. ஒவ்வொருவரையும் அழைத்து, மன்னிப்புக் கேட்டு, செய்கூலியும் சேதாரமும் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டு, கூடுதல் தொகையைத் திருப்பித் தந்தோம். அந்த அழைப்புகளை இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தக் கிளையின் கணினியை 9:50க்குத்தான் இயக்கியிருந்தார்கள். 9:30க்கு ஒரே முறை அனுப்பிப் பார்த்த என் நிரல், அந்தக் கணினிக்கு விலை போய்ச் சேராததைப் பொருட்படுத்தாமல் பதிவேட்டில் ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டது. பில்லிங் மென்பொருளோ கடைசியாகத் தெரிந்த விலையை அப்படியே வைத்துக்கொண்டது. அனுப்பியதையும் கிளை ஏற்றுக்கொண்டதையும் ஒன்றாக எண்ணியதே என் பிழை.

இப்போது கிளைக் கணினியே இயங்கத் தொடங்கியதும், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும், விலையைக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு விலைக்கும் ஒரு எண்ணும், நடைமுறைக்கு வரும் நேரமும், காலாவதி நேரமும் உண்டு. காலாவதியான விலையோடு பில் திரை திறக்காது. இதற்குக் கிளை மேலாளர்கள் முதலில் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்; இணையம் போனால் வியாபாரம் நின்றுவிடும் என்பது நியாயமான அச்சம்தான். அதனால் தலைமை அலுவலகம் தொலைபேசியில் சொல்லும் விலையையும் அதன் எண்ணையும் மேலாளர் தம் கடவுச்சொல்லுடன் பதிய வழி வைத்தோம்.

அடுத்த சிக்கல், நண்பகலில் விலையைத் திருத்தியபோது வந்தது. பாதி போட்டிருந்த ஒரு பில்லில் மோதிரம் பழைய விலையிலும் சங்கிலி புதிய விலையிலும் ஏறின, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் தனித்தனியாக விலையைத் தேடியது. இந்த ஏற்பாட்டைச் செய்பவர்கள் விலை எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே பதியுங்கள்; பில் தொடங்கியபோது எந்த எண்ணோ, முடியும்வரை அதுவே.

தினமும் 9:45க்கு, அன்றைய எண்ணை ஏற்காத கிளைகளின் பட்டியல் எனக்கு வருகிறது. பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். கடை திறக்குமுன் நானே அழைத்து, கணினியை இயக்கச் சொல்லிவிடுகிறேன்.