மிட்டாய்த்தாள் கணக்கு

ஜூலை 3, 2024, புதன்

பிளாஸ்டிக் குப்பை பற்றிய பாடத் திட்டத்தில் கடைசிக் கட்டம் மட்டும் காலி. 'மாணவர் செயல்பாடு'. தலைமையாசிரியர் பேரணி போகலாம் என்கிறார். முன்னால் பிடித்துக்கொண்டு போக ஒரு ஃப்ளெக்ஸும் அடிக்கலாமாம். "ஃப்ளெக்ஸே பி.வி.சி. பிளாஸ்டிக் தானே சார்?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குப் பேரணி மேல் கோபமில்லை. மறுநாள் குப்பை குறைந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் செய்து முடித்து, தாங்களே எண்ணிப் பார்க்கக்கூடிய ஏதாவது வேண்டும்.

ஜூலை 4

அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஜூலை 5, வெள்ளி

எண்ணுவதென்றால் முதலில் குப்பை கையில் இருக்க வேண்டும். துப்புரவு அக்கா சாயங்காலம் கூட்டி, பின்புறச் சுவரோரம் கொளுத்திவிடுகிறார். செவ்வாய்க்கிழமை மட்டும் சாக்கில் கட்டி வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு ஒருவரும் பாக்கெட் வாங்க மாட்டார்கள், அல்லது பையிலேயே ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தெரியாமல் எடுத்த ஒரு நாள் கணக்குதான் உண்மையான கணக்கு.

ஜூலை 9, செவ்வாய்

கடைசிப் பீரியடில் சாக்கைக் கொட்டினோம். கைகளில் பழைய துணி, மூக்கில் கைக்குட்டை, ஒரே கூச்சல். மிட்டாய்த்தாள் 61. சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் 23. பேனா 4. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 2.

அப்புறம் ஆய்வகத் தராசில் வைத்தோம். இரண்டு பாட்டிலும் சேர்ந்து 61 தாளைவிட அதிக எடை. உடனே சண்டை. எடை அதிகமானதைக் குறைக்க வேண்டுமா, எண்ணிக்கை அதிகமானதையா? பதில் சொல்லாமல் விட்டேன். நாளைய பாடமே அதுதான்.

அம்மா இரவு இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஜூலை 10, புதன்

பாடம் நன்றாகவே போனது. ஒரு வாளித் தண்ணீர், கத்தரிக்கோல். பாட்டில் துண்டு மூழ்கியது, அதே பாட்டிலின் மூடி மிதந்தது. ஒரே பொருளில் இரண்டு வகை பிளாஸ்டிக் இருப்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பாட்டிலடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருப்பதையும் ஒரு பையன் கண்டுபிடித்தான்.

காயலான் கடைக்காரரிடம் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். பாட்டிலுக்குக் காசு தருவாராம். சிப்ஸ் பாக்கெட்டைத் தொடக்கூட மாட்டாராம். பாக்கெட்டின் உட்புறம் ஏன் மினுக்குகிறது என்று கேட்டேன். பிளாஸ்டிக்கின் மேல் அலுமினியம் மெலிதாகப் படிந்திருக்கிறது. பல ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் பிரித்து உருக்கக் கட்டுப்படியாகாது. ஆக, பாட்டிலுக்கு எடை அதிகம், ஆனால் போக ஒரு இடம் உண்டு. தாளுக்கும் பாக்கெட்டுக்கும் சுவரோரத் தீதான். வகுப்பு தாள் பக்கம் சாய்ந்தது.

ஜூலை 11

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் எடுப்பதில்லை. எடுத்தால் நாளைக்கு என்கிறார்கள்.

ஜூலை 12, வெள்ளி

2019-இல் தமிழ்நாட்டில் தடை வந்த 14 பிளாஸ்டிக் பொருள்களைப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்: கேரி பை, தெர்மாகோல் தட்டு, கப், ஸ்ட்ரா, தண்ணீர் பாக்கெட். நம் சாக்கில் கிடந்ததில் எது அந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டதும் அமைதி.

61 தாள் எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போனோம். அன்று பள்ளியில் இரண்டு பிறந்தநாள். பெரும்பாலும் அதிலிருந்து வந்தவைதான். அப்படியென்றால் மாற்ற வேண்டியது பிறந்தநாள் மிட்டாயை.

கடலை மிட்டாய் என்றார்கள். எதிர்க்கடையில் பார்த்தால் அதுவும் இப்போது ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றித்தான் வருகிறது! ஜாடியில் சுற்றாமல் இருப்பது எள்ளுருண்டை மட்டும். கடைக்காரர் எவர்சில்வர் டப்பா கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன் என்றார், அதே ஒரு ரூபாய். வீட்டு மரத்து நெல்லிக்காயும் கொண்டுவரலாம் என்றாள் ஒருத்தி. விலை கூடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கூடினால் சில பிள்ளைகள் பிறந்தநாளையே மறைப்பார்கள்.

டப்பா பள்ளியில் இருக்கும். கழுவுவது ஏழாம் வகுப்பு. திங்கள் முதல்.

ஜூலை 16, செவ்வாய்

மறுபடி சாக்கு. மிட்டாய்த்தாள் 9. கைதட்டல், விசில். தலைமையாசிரியர் உடனே போட்டோ எடுக்க வந்துவிட்டார்.

ஆனால் இன்று யாருக்கும் பிறந்தநாள் இல்லை. டப்பாவை ஒருவரும் திறக்கவே இல்லை. இந்த 9 எதையும் காட்டாது என்று சொன்னதும் முகங்கள் சுருங்கிவிட்டன. மூன்றாம் பெஞ்சுப் பையன்தான் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்றான். பார்த்தோம். 23-ஆம் தேதி செவ்வாய், ஆறாம் வகுப்பில் இரண்டு பேர். அதே கிழமை, அதே இரண்டு பிறந்தநாள். அன்றைக்கு எண்ணினால்தான் 61-உடன் ஒப்பிட முடியும்.

பாக்கெட் போன வாரம் 23, இன்று 25. அதை நாங்கள் தொடவேயில்லை, தொடவும் வழி தெரியவில்லை. வெளியே கடை இருக்கும்வரை அது வேறு பாடம்.

ஜூலை 18

ரிப்போர்ட் வந்தது. திங்களன்று மதுரைக்கு வரச் சொல்கிறார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

கணக்கு டீச்சரிடம் எழுதிக் கொடுத்தேன்: செவ்வாய் சாக்கு கொளுத்தாமல் இருக்க அக்காவிடம் காலையிலேயே சொல்ல வேண்டும். எள்ளுருண்டை திங்கள் மாலையே வாங்கிவிட வேண்டும். முன்கூட்டி யாரும் எண்ணப்போவதாகச் சொல்லக்கூடாது, ஏழாம் வகுப்புக்கு இது தெரியும் என்றாலும் ஆறாம் வகுப்புக்குத் தெரியாது. தாளையும் பாக்கெட்டையும் தனித்தனியாக எண்ணவும். தராசு தேவையில்லை.