பதிவேடு இல்லாத சேவைக்குச் சான்று தேடியபோது

எங்கள் அடுத்த வீட்டு அக்கா ஒன்பது ஆண்டுகளாகச் சிறுநீரக நோயாளிகளை டயாலிசிஸ் சிகிச்சைக்குத் தன் காரில் அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார். எந்த அமைப்பிலும் அவர் உறுப்பினர் இல்லை. சமூகச் சேவை விருது ஒன்றுக்கு அவரைப் பரிந்துரைக்கப் படிவத்தைக் கையில் எடுத்ததும், அது கேட்ட மூன்று கேள்விகள் என்னை நிறுத்தின. செய்த பணி என்ன, எவ்வளவு காலம், ஆதாரம் என்ன?

பரிந்துரைக்கப்படுபவரின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும். அக்கா உடனே சம்மதிக்கவில்லை. "எனக்கு விருது எதற்கம்மா? அவர்களுடைய நோயை எல்லோருக்கும் சொன்னதுபோல் ஆகிவிடும்" என்றார். நோயாளி எவர் பெயரும் வராது, அவர்கள் அனுமதிக்காத எதையும் எழுத மாட்டேன் என்று வாக்களித்த பிறகுதான் கையெழுத்திட்டார். அந்த வாக்கு எழுத்தின் போக்கையே தீர்மானித்தது. பலரைப் பற்றி மேலோட்டமாகச் சொல்வதைவிட, மனமுவந்து இசைந்த ஒருவரைப் பற்றி முழுமையாகச் சொல்வது என்று முடிவு செய்தேன்.

அவர் தனியாக வாழும் முதியவர். நான்கு ஆண்டுகளாக அக்கா அவரை அழைத்துப் போகிறார். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் சிகிச்சை. அதில் இரண்டு நாள் அக்காவின் பொறுப்பு, ஒரு நாள் உறவினர் பொறுப்பு. வாரம் இரண்டு என்றால் ஆண்டுக்கு 104 முறை. நான்கு ஆண்டுக்கு 416. இந்தப் பெருக்கலை அப்படியே எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. முதியவர் மருத்துவமனையில் தங்கிய வாரங்கள் உண்டு, கார் பழுதான நாட்கள் உண்டு.

உதவிக்கு வந்தது அக்காவின் சுவர் நாட்காட்டி. இரண்டு நோயாளிகளின் நேரம் மோதிவிடாமல் இருக்க, போன நாட்களை அதில் வட்டமிட்டு வைத்திருந்தார். இரண்டு ஆண்டு நாட்காட்டிகள் கிடைத்தன. முதியவருக்கான வட்டங்கள் ஓர் ஆண்டில் 91, இன்னோர் ஆண்டில் 88. பரிந்துரையில் இப்படி எழுதினேன்: "இரண்டு ஆண்டுகளில் 179 பயணங்களுக்குக் குறிப்பு உள்ளது. மற்ற இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய இதே அளவு என்று நோயாளியின் மகள் கூறுகிறார்." எழுத்தில் இருப்பதையும் வாய்மொழியாகக் கேட்டதையும் இப்படிப் பிரித்து வைத்தால், எதை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தேர்வுக் குழுவே முடிவு செய்துகொள்ளும்.

ஆனால் 179 பயணங்கள் என்பது ஒரு ஓட்டுநரின் கணக்கு. அதனால் என்ன மாறியது என்பதை டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்தான் சொன்னார். முதியவர் எழுத்துமூலம் அனுமதி கொடுத்த பிறகே அவர் பேசினார், அது சரியும்கூட. முன்பெல்லாம் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காக முதியவர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் சொல்வாராம். நேரத்தைக் குறைத்தால் உடலில் சேர்ந்த நீரும் கழிவும் முழுமையாக வெளியேறாது. அடுத்த முறைக்குள் கால் வீங்கும், மூச்சு வாங்கும். முடித்துவிட்டுத் தனியாகப் போவதும் எளிதன்று. இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், ஊசி குத்திய இடத்தில் மீண்டும் இரத்தம் கசியலாம். அக்கா வரத் தொடங்கிய பிறகு அவர் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தச் சொன்னதே இல்லை. ஒருமுறை திரும்பும் வழியில் இரத்தம் கசிந்தபோது, அக்கா காரை ஓரம் கட்டி, கசிவு நிற்கும் வரை அந்த இடத்தை அழுத்திப் பிடித்திருந்து, மறுபடி மருத்துவமனைக்கே கொண்டுவந்தாராம். என் எழுத்தின் மையத்தில் இதை வைத்தேன். "தன்னலமற்றவர்" என்ற சொல் எங்கும் வரவில்லை. அதற்கான தேவையும் இல்லை.

ஆதரவுக் கடிதங்கள் இரண்டு கேட்டிருந்தார்கள். மாதிரிக் கடிதம் தரச் சொல்லி முதியவரின் மகள் கேட்டார். நான் தரவில்லை. ஒரே கையில் பிறந்த இரண்டு கடிதங்களை வாசிப்பவர் எளிதில் கண்டுகொள்வார். பிறகு உண்மையான பகுதிக்கும் மதிப்பு போய்விடும். "நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் எழுதுங்கள், எப்போது நடந்தது என்பதையும் சேருங்கள்" என்றேன். மகள் வெளியூரில் இருப்பவர். சிகிச்சை முடிந்த ஒவ்வொரு முறையும் "அப்பா வீட்டுக்குள் போய்விட்டார்" என்று அக்காவிடமிருந்து வரும் குறுஞ்செய்தியைப் பற்றி எழுதினார். அந்தச் செய்திகளின் தேதிகள் நாட்காட்டி வட்டங்களோடு பொருந்தின. நான் திட்டமிட்டுத் தேடியிருந்தாலும் இதைவிட உறுதியான சான்று கிடைத்திருக்காது.

முதல் ஐந்து ஆண்டுகளுக்கு எந்தக் குறிப்பும் கிடைக்கவில்லை. அப்போது அழைத்துப் போனவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். அவருடைய குடும்பம் பேச விரும்பவில்லை. எனவே "பக்கத்து வீட்டிலிருந்து நான் பார்த்தது" என்று குறிப்பிட்டு, அக்காலத்தை இரண்டே வரியில் முடித்தேன். படிவம் போய்ச் சேர்ந்த சில வாரங்களில் குழுவிலிருந்து செவிலியரை அழைத்து, இரத்தம் கசிந்த அன்று நடந்ததை விசாரித்திருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.