ஸ்பானிஷில் கதை சொல்லும்போது இந்தெஃபினிதோவா, இம்பெர்ஃபெக்தோவா?

ஸ்பானிஷ் மொழித் திறனைச் சோதிக்கும் டெலே பி1 தேர்வின் எழுத்துப் பகுதியில் இரண்டு கேள்விகள். இரண்டாவதற்கு 130 முதல் 150 சொற்களில் பதில் எழுத வேண்டும். ஒரு பயணம், ஒரு சந்திப்பு என்று நடந்ததைச் சொல்லும்படி கேட்பது அங்கே சகஜம். எழுதத் தொடங்கினால் வினைக்கு வினை அதே கேள்விதான்: ஸ்பானிஷின் இந்த இரண்டு இறந்தகால வடிவங்களில் எது, இந்தெஃபினிதோவா, இம்பெர்ஃபெக்தோவா?

பாடங்களில் முதலில் சொல்லித்தரும் அடையாளச் சொற்கள் பயிற்சித்தாளுக்குப் போதும், கதைக்குப் போதாது. நேற்று என்ற 'அயேர்' வந்தால் இந்தெஃபினிதோ என்பார்கள். ஆனால் 'அயேர் யோபீயா' (நேற்று மழை பெய்துகொண்டிருந்தது) முழுக்கச் சரியான வாக்கியம். நீண்ட நேரம் நடந்தால் இம்பெர்ஃபெக்தோ என்பதும் நிற்காது. 'த்ரபாஹே தியெஸ் அன்யோஸ் என் செவியா', அதாவது செவியாவில் பத்து வருடம் வேலை பார்த்தேன். பத்து வருடம் நீளம்தான். ஆனால் தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து ஒரே துண்டாகச் சொல்கிறோம், அதனால் இந்தெஃபினிதோ.

எனக்குக் கைகொடுத்தது வேறொரு கேள்வி: இந்த வினை கதையின் கடிகாரத்தை நகர்த்துகிறதா? நகர்த்தினால் இந்தெஃபினிதோ. கடிகாரம் நின்றிருக்க, அந்த நேரத்தில் சுற்றிலும் என்ன இருந்தது, என்ன நடந்துகொண்டிருந்தது என்று காட்டினால் இம்பெர்ஃபெக்தோ.

ஒரு சின்னக் கதையில் பார்ப்போம். இரவு எட்டு மணி (எரான்). மழை பெய்துகொண்டிருந்தது (யோபீயா). ஸ்டேஷன் கிட்டத்தட்ட காலியாக இருந்தது (எஸ்தாபா). நான் கோர்தொபா ரயிலுக்குக் காத்திருந்தேன் (எஸ்பெராபா). அப்போது ஒரு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் (செ சென்தோ). கையில் ஒரு சிவப்புப் பெட்டி வைத்திருந்தார் (யெபாபா). மணி கேட்டார் (ப்ரெகுன்தோ), எழுந்தார் (செ லெபான்தோ), போய்விட்டார் (செ ஃபுவே). ஐந்து நிமிடம் கழித்துப் பெட்டியைப் பார்த்தேன் (பி). பெஞ்சுக்கு அடியில் இருந்தது (எஸ்தாபா).

இதில் இம்பெர்ஃபெக்தோ வினைகளை எல்லாம் நீக்கிப் படியுங்கள்: உட்கார்ந்தார், கேட்டார், எழுந்தார், போய்விட்டார், பார்த்தேன். நிறம் போய்விட்டது, ஆனால் கதை அறுபடவில்லை. இப்போது இம்பெர்ஃபெக்தோ வினைகளை மட்டும் படியுங்கள். எட்டு மணி, மழை, காலி ஸ்டேஷன், சிவப்புப் பெட்டி; எதுவும் நடக்கவே இல்லை. தேர்வில் இதையே எழுதும் முறையாகவும் வைத்துக்கொள்ளலாம். கரட்டுத்தாளில் நடந்தவற்றை மட்டும் ஐந்தாறு இந்தெஃபினிதோ வினைகளாக வரிசையாக எழுதுங்கள். அப்புறம் இடம், வானிலை, மனநிலை, உடை ஆகியவற்றை நடுநடுவே இம்பெர்ஃபெக்தோவில் சேருங்கள்.

வினையை மாற்றினால் என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும். கடைசியில் 'செ ஃபுவே'க்குப் பதில் 'செ ஈபா' என்று எழுதினால் அந்த அம்மா கிளம்பிக்கொண்டிருக்கிறார் என்றாகிவிடும். படிப்பவர் அடுத்து என்ன என்று காத்திருப்பார். 'யோபீயா'வுக்குப் பதில் 'யோபியோ' போட்டால் மழை பின்னணியாக இல்லாமல் ஒரு சம்பவமாகிவிடும். இரண்டும் இலக்கணப் பிழை இல்லை, சொல்லும் கதை வேறு. அதனால்தான் தனி வாக்கியங்களை நிரப்பிப் பழகியவர்கள் முழுக்கதையில் தடுமாறுகிறார்கள்.

நமக்குப் பாதி வேலையைத் தமிழே செய்துவிடுகிறது. 'பெய்துகொண்டிருந்தது', 'சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவோம்' போன்றவை இப்படியான கதைகளில் தயங்காமல் இம்பெர்ஃபெக்தோ. சிக்கல் 'இருந்தது', 'தெரிந்தது', 'வேண்டியிருந்தது' என்பவற்றில்தான். 'போக வேண்டியிருந்தது' என்பதை 'தூபே கே இர்' என்றால் போனேன் என்று பொருள். 'தெனீயா கே இர்' என்றால் போக வேண்டிய நிலை மட்டும்தான். போனேனா இல்லையா என்பது அடுத்த வாக்கியத்தில் தெரியும். அதேபோல 'சபீயா' என்றால் விஷயம் ஏற்கெனவே தெரியும், 'சூபே' என்றால் அந்தக் கணத்தில் தெரியவந்தது. இந்த ஜோடிகளைக் கதைக்குள் வைத்துப் படித்தால்தான் மனதில் நிற்கும்.

இன்னொரு இடத்தைத் தனியாகச் சரிபாருங்கள். கட்டுரையின் கடைசியில் 'அருமையான பயணமாக இருந்தது' என்று எழுதுவோம் அல்லவா? வர்ணனைதானே என்று கை தானாக 'எரா' எழுதும். ஆனால் அங்கே பயணம் முடிந்துவிட்டது, அதன் முழுமையை மதிப்பிட்டுச் சொல்கிறோம். எனவே 'ஃபுவே உன் பியாஹே எஸ்துபெந்தோ' என்றுதான் எழுத வேண்டும். ஹோட்டல் சின்னதாக இருந்தது, அறையிலிருந்து கடல் தெரிந்தது என்பவை பயணத்தின் உள்ளே நின்று பார்த்தவை. அவற்றுக்கு 'எரா', 'செ பெயீயா' என்ற இம்பெர்ஃபெக்தோவே சரி.