'ஜாஸ்' கடற்கரைக் காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்த விதம்

பாளையங்கோட்டையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து காட்சிகளைப் பிரிக்கும்போது, புதிதாக வருகிறவர்களிடம் முதலில் கொடுப்பது 1975இல் வந்த 'ஜாஸ்' படத்தின் கடற்கரைக் காட்சி. படம் தொடங்கிச் சுமார் கால்மணி நேரத்தில் வரும். சுறா இருக்கிறது என்று சந்தேகப்படும் போலீஸ் அதிகாரி பிராடி, மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் ஜனங்கள் குளிக்கிறார்கள். கடைசியில் மஞ்சள் மிதவையோடு கடலுக்குள் போன ஒரு பையனைச் சுறா கொல்கிறது. நடப்பது இவ்வளவுதான். ஆனால் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் படத்தொகுப்பாளர் வெர்னா ஃபீல்ட்ஸும் எதை எப்போது காட்டினார்கள், எதைக் காட்டாமல் வைத்தார்கள் என்பது பிரித்தால் மட்டுமே கண்ணில் படும்.

முதல் வேலை காட்சியைத் தனியாக வெட்டி எடுத்துக்கொள்வது. ஸ்ட்ரீமிங் தளங்களில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பெரும்பாலும் கறுப்புப் படம்தான் கிடைக்கும், ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தவும் முடியாது. டிஸ்க் இருந்தால் நல்லது. PAL முறை டிவிடியாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை அதில் 25ஆக ஓட்டுவார்கள், அதனால் எல்லா ஷாட்டும் 4 சதவீதம் குறைவாகக் காட்டும். ஷாட்டின் நீளத்தை நொடியில் எழுதாமல் ஃபிரேமில் எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

ஓட்டிப் பார்க்க mpv என்ற பிளேயர் வசதி. புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னே வரும். `s` அழுத்தினால் படம் சேமிக்கும். VLCயில் `e` முன்னே மட்டும்தான் போகும். வெட்டு எந்த ஃபிரேமில் விழுகிறது என்று முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டிய இந்த வேலைக்கு அது போதாது.

கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் உடனே கேட்பது, வெட்டுகளைத் தானாகவே எண்ணிவிடலாமே என்பது. ffmpeg என்ற நிரலுக்கு இந்தக் கட்டளையைக் கொடுத்தால் எண்ணலாம்.

```
ffmpeg -i scene.mkv -vf "select='gt(scene,0.3)',showinfo" -f null -
```

பக்கத்துப் பக்கத்து ஃபிரேம்களுக்கு நடுவே வித்தியாசம் 0.3ஐத் தாண்டினால் அந்த இடத்தின் நேரத்தை `pts_time` என்று இது எழுதிக் கொடுக்கும். சாதாரணப் பேச்சுக் காட்சிக்கு நன்றாகவே வேலை செய்யும். இந்தக் காட்சியில் வழுக்கிவிடும், வழுக்கும் இடத்தில்தான் பாடமே இருக்கிறது. பிராடி இருக்கும் பகுதியில் லென்ஸுக்கு மிக அருகே ஆட்கள் குறுக்கே நடந்துபோகிறார்கள். ஓர் உடம்பு திரை முழுவதையும் மூடுகிறது, அது விலகும்போது பிராடி முன்னைவிடக் கிட்டத்தில் தெரிகிறார். வெட்டு அந்த உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் கணினி அதை விட்டுவிடும். மறுபக்கம், வெட்டே இல்லாமல் ஆள் வேகமாகக் கடக்கும் இடத்தை வெட்டு என்று சொல்லிவிடும். அதனால் கணினி தரும் பட்டியலைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கடப்பையும் கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

புதியவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். "அண்ணாச்சி, இது ஒரே ஷாட்டுல்லா? கேமராதான கிட்ட போகுது?" என்று கேட்பார்கள். "தம்பி, ஆள் மறைக்கதுக்கு முந்தின ஃபிரேமையும் மறைச்சு விலகின ஃபிரேமையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு" என்பதுதான் பதில். இரண்டையும் சேமித்து அருகருகே வைத்தால் முகத்தின் அளவு சட்டென்று மாறியிருப்பது தெரியும். கேமரா நகர்ந்து போயிருந்தால் அந்தச் சில ஃபிரேமுக்குள் அவ்வளவு மாற்றம் வர வழியே இல்லை.

குறிப்பு எடுக்க நீளவாக்கில் பிடித்த கணக்கு நோட்டு போதும். கட்டங்கள் ஆறு: ஷாட் எண், எத்தனை ஃபிரேம், தூரமா நடுத்தரமா குளோசப்பா, கேமரா அசைகிறதா, என்ன சத்தம், யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம். "ஏன்" என்ற கட்டத்தை முதல் தடவை போடவே கூடாது. போட்டால் எல்லோரும் "பதற்றத்தைக் கூட்ட" என்று எழுதி நிரப்பிவிடுவார்கள், அப்புறம் கண் வேலை செய்யாது. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் மட்டும் எழுதி முடித்த பிறகு, கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படித்தால் காரணம் அங்கேயே கிடக்கும்.

இந்தக் காட்சியில் அப்படிப் படிக்கும்போது முதலில் கிடைப்பது தொடக்கத்து நீண்ட ஷாட். தண்ணீரைப் பார்த்து நடக்கும் ஒரு பெண், தண்ணீரிலிருந்து வரும் பையன், "இன்னும் கொஞ்ச நேரம்" என்று அவன் கெஞ்சும் அம்மா, மிதவை எடுக்கப் போகும் அவனைத் தொடர்ந்தால் கடலையே வெறித்துக்கொண்டிருக்கும் பிராடி. எல்லோரையும் ஒரு கோட்டில் கோத்துவிட்டார்கள். சாகப்போகிற பையன்தான் நம்மைப் பிராடியிடம் கூட்டிப்போகிறான், ஆனால் அந்த நேரத்தில் அவன் கூட்டத்தில் ஒருவனாகத்தான் தெரிகிறான். அவனுக்கு ஒரு குளோசப் போட்டிருந்தால் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். குச்சியைத் தூக்கிப் போட்டு எடுத்து வரச் செய்யும் நாய்க்காரர், மிதந்துகொண்டிருக்கும் பெண்மணி என்று இன்னும் சிலரையும் நம் முன்னே வைக்கிறார்கள். யார் போகப்போகிறார் என்று நாமும் பிராடியைப் போலவே தேட வேண்டியிருக்கிறது.

அடுத்தது பார்வையின் ஒழுங்கு. பிராடி, அவர் பார்ப்பது, மறுபடி பிராடி. இந்த வரிசை ஏறக்குறைய கலையாமல் போகிறது. மிதக்கும் பெண்மணியை நோக்கிக் கறுப்பாக ஒன்று வருகிறது. பார்த்தால் நீச்சல் தொப்பி போட்ட ஒரு பெரியவர். ஒரு பெண் அலறுகிறாள். பார்த்தால் அவளைத் தோளில் தூக்கிய காதலன். நடுவில் ஒருவர் வந்து பிராடியிடம் ஊர்க் குறையைப் பேசுகிறார். அந்த ஷாட்டை நிறுத்திப் பாருங்கள்: பேசுகிறவர் முகம் பெரிதாக முன்னே இருக்க, பின்னால் கடலும் தெளிவாக இருக்கிறது. சாதாரண லென்ஸில் இரண்டும் ஒன்றாகக் கூர்மையாக விழாது. பாதி லென்ஸுக்கு மட்டும் அருகில் குவிக்கும் கண்ணாடியைப் பொருத்தி எடுக்கும் முறை அது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முகத்துக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மங்கலான செங்குத்துப் பட்டை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

சத்தக் கட்டத்தைத் தனியாக ஒருமுறை படியுங்கள். இதற்குத் திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் கேட்டு எழுத வேண்டும். பொய்ப் பயங்கள் எதற்கும் இசை கிடையாது. கடற்கரை இரைச்சலும் பிள்ளைகள் சத்தமும்தான். நாய்க்காரர் நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், குச்சி மட்டும் தண்ணீரில் மிதக்கிறது. அப்போதும் யாரும் அலறவில்லை. அதற்குப் பிறகு கேமரா தண்ணீருக்கடியில் போகும்போதுதான் ஜான் வில்லியம்ஸின் இசை தொடங்குகிறது. அதுவரை பிராடியின் கண்ணாக இருந்தது இப்போது சுறாவின் கண். பார்வைக் கட்டமும் சத்தக் கட்டமும் ஒரே வரியில் மாறியிருப்பதை நோட்டில் பார்க்கலாம். சுறா இல்லாத இடத்தில் அந்த இசையை வைத்துப் பயமுறுத்தியிருக்கலாம். வைக்கவில்லை. அதனால் இசை வந்ததும் நாம் நம்புகிறோம். இந்தக் காட்சியில் எனக்கு ஆகப் பெரிய முடிவாகத் தோன்றுவது இதுதான்.

பிரித்ததைச் சோதிக்க ஒரே வழி அதை எடுத்துப் பார்ப்பது. குறுக்குத்துறைப் படித்துறை இதற்கு நல்ல இடம்: படியில் உட்கார ஓர் ஆள், எதிரே தாமிரபரணி, குளிக்க வருவோர் போவோர். கேமராவுக்கு ஃபோன் போதும். ஆனால் சாதாரண லென்ஸில் எடுத்தால் ஆள் குறுக்கே போகும்போது திரை முழுதாக மூடாது. ஓர் அடி தூரத்தில் ஃபோனின் அகலப் பார்வைக்குள் ஏறக்குறைய 40 செ.மீ. அடங்கும். பக்கவாட்டில் நடக்கும் உடம்போ 30 செ.மீ.க்கு மேல் வராது. 2x வைத்தால் பார்வை சுமார் 20 செ.மீ.க்குச் சுருங்கும், அப்போது மூடும். அப்படியும் சாதாரண நடையில் இரண்டு மூன்று ஃபிரேம்தான் முழுசாக மூடியிருக்கும். தோளில் துண்டை விரித்துப் போட்டு நடக்கச் சொன்னால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அடுத்த ஷாட்டையும் அதே ஆள், அதே துண்டு, அதே திசை, அதே வேகத்தில் மறைத்தே தொடங்க வேண்டும். திசை மாறினால் வெட்டு பளிச்சென்று தெரிந்துவிடும். தொடங்குமுன் திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கடக்கிற துண்டுக்கு ஃபோகஸ் ஓடிவிடும், அது விலகிய பிறகு முகம் மங்கலாகக் கிடக்கும்.

தாக்குதலை உணர்ந்த கணத்தில் பிராடியின் முகத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற ஷாட்டையும் இதே ஃபோனில் செய்யலாம். ஹிட்ச்காக் 'வெர்டிகோ'வில் 1958இலேயே பயன்படுத்திய முறைதான். முகம் அதே அளவில் இருக்க, பின்னணி மட்டும் விலகி ஓடுகிறது. பின்னணிப் பொருள்கள் சின்னதாகிக்கொண்டே போனால் லென்ஸ் அகலமாகிறது, அப்படியென்றால் கேமரா கிட்டே வருகிறது என்று கண்டுகொள்ளலாம். 4Kயில், சாதாரண லென்ஸில் எடுத்துக்கொண்டு, முகத்திலிருந்து 2 மீட்டரில் தொடங்கி 1 மீட்டர் வரை கேமராவை ஒரே வேகத்தில் கொண்டுபோங்கள். எடிட்டிங் மென்பொருளில் 1080 டைம்லைனில் தொடக்கத்தில் 200 சதவீதம், முடிவில் 100 சதவீதம் என்று அளவு வையுங்கள். இந்தச் சதவீதம் திரையின் முழு அகலம் 100 என்ற கணக்கில். முகத்தின் அளவு தூரத்துக்கு எதிர்விகிதம் என்பதால் 1.5 மீட்டரில் 150தான் வேண்டும், ஆகவே அளவைக் குறித்து வைக்கும் கீஃபிரேம் இரண்டு போதும். அவற்றை மென்மையாக்கும் ஈஸ் வசதியை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் நடுவில் முகம் ஊதிச் சுருங்கும். பின்னால் தூரத்துக் கல்மண்டபம் பாதி அளவாகச் சுருங்கியிருந்தால் சரியாக வந்திருக்கிறது. படிக்கட்டில் நடந்து எடுத்தால் வேகம் விட்டுவிட்டுப் போகும், முகமும் துடிக்கும். மேலே சமதளத்துக்குப் போய், சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஒருவர் ஃபோனைப் பிடிக்க, இன்னொருவர் மெதுவாக உருட்டினால் சரியாகிவிடும்.