ருசி பார்க்காத சமையல்

பிப்ரவரி 3

பன்னிரண்டாம் தேதி பூஜைக்கு இருபது பேர். மூன்று முறை எண்ணியாயிற்று. ஐயரையும் சேர்த்துத்தான்.

பிப்ரவரி 4

அத்தை ஃபோனில் சொன்ன பட்டியல்: சர்க்கரைப் பொங்கல், வடை, சுண்டல், புளியோதரை, தயிர்சாதம், சாம்பார், கூட்டு, பாயசம், அப்பளம். "எளிமையா போதும்மா" என்றும் சொன்னார்.

சாம்பாரையும் கூட்டையும் முதலில் அடித்தேன். பூஜை ஒன்பதுக்குத் தொடங்கினால் முடியப் பதினொன்றரை ஆகும். அந்த நேரத்தில் சூடு பண்ணிக்கொண்டு நிற்க எனக்கு இஷ்டமில்லை. ஆறினாலும் நன்றாக இருப்பது புளியோதரையும் தயிர்சாதமும்தான். பொங்கல் இருக்கும்போது பாயசம் எதற்கு?

பிப்ரவரி 5

உப்பு.

நைவேத்தியம் ஆகும்வரை வாயில் வைக்கக் கூடாது. இத்தனை வருஷம் அது எனக்குப் பிரச்சினையாக இருந்ததே இல்லை. அம்மா அடுப்புப் பக்கம் வந்து ஆவியை முகர்ந்துவிட்டு "இன்னும் அரைச் சிட்டிகை" என்பார். சரியாக இருக்கும். இப்போது காபியே மண் மாதிரி இருக்கிறது என்கிறார்.

பிப்ரவரி 6

சுவாமிக்குத் தனியாகச் சின்னப் பாத்திரத்தில் எடுத்து வைத்துவிட்டு மீதியை ருசி பார்க்கலாமே என்று அக்கா சொன்னாள். அத்தையிடம் கேட்டேன். பதில் வரவில்லை. அதுவே பதில்.

பிப்ரவரி 7

வழி கிடைத்தது. நைவேத்தியத்துக்கு இல்லாமல், நாங்கள் சாப்பிடுவதற்கென்றே ஒரு ஒத்திகை. எவ்வளவு வேண்டுமானாலும் ருசி பார்க்கலாம்.

இருபது பேருக்குப் புளியோதரைக்கு ஒரு கிலோ அரிசி போதும், பக்கத்தில் தயிர்சாதமும் இருக்கிறதே. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 200 கிராம், வடித்து, அகலத் தட்டில் நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்தேன். 30 கிராம் புளியில் புளிக்காய்ச்சல். உப்பை மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்தேன், 7 கிராம். கரண்டிக் கணக்கை நம்ப முடியாது. கல்லுப்பு ஒரு கரண்டி, பொடியுப்பு ஒரு கரண்டி, இரண்டும் ஒரே எடை இல்லை.

கலந்ததும் வாயில் போட்டேன். கரித்தது. புளியும் உப்பும் சோற்றின் மேலேயே நின்றன. போச்சு என்று மூடி வைத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் சரியாக இருக்கிறது! சோறு உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. உடனே நம்பி உப்பைக் குறைத்திருந்தால் சப்பென்று ஆகியிருக்கும்.

ஆக, 150 கிராம் புளி, 35 கிராம் உப்பு, அத்தனையும் காய்ச்சலிலேயே. காலை எட்டரைக்குள் கலந்துவிட வேண்டும்.

அம்மாவுக்கு ஒரு பிடி கொடுத்தேன். புளிப்பு மட்டும் கொஞ்சம் தெரிகிறதாம். கொஞ்சம்!

பிப்ரவரி 8

வடைக்காக அத்தையோடு அரை மணி நேரம். ஐந்து வடை, சுவாமிக்கு மட்டும் என்று முடிந்தது. எல்லோருக்கும் என்றால் மந்திரம் முழுக்க ஒருத்தி எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும். அந்த ஒருத்தி யார் என்று கேட்டதும் இறங்கி வந்தார்.

பிப்ரவரி 9

பொங்கல் கால் கிலோ அரிசி, 60 கிராம் பாசிப்பருப்பு, அரைக் கிலோ வெல்லம். ஆளுக்கு ஒரு சின்னத் தொன்னை வரும். பிரசாதம்தானே, வயிறு நிறைய அல்ல. வெல்லம் விழுந்தபின் அரிசி வேகாது. அதனால் முதலில் நன்றாகக் குழைய விட்டுவிட்டு அப்புறம்தான் பாகு. ஆறினால் இறுகும், கொஞ்சம் தளர இறக்கணும். இதில் உப்புக் கவலை இல்லை. உலகத்தில் எல்லாமே சர்க்கரைப் பொங்கலாக இருந்தால் தேவலை.

பிப்ரவரி 10

தூக்கமில்லை. அம்மா இருமினார், எழுந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11, இரவு

அரைக் கிலோ கொண்டைக்கடலை ஊறுகிறது. புளிக்காய்ச்சல் தயார். வாசனை வீடு முழுக்க.

தயிர்சாதத்துக்கு முக்கால் கிலோ அரிசி. குழைந்த சோற்றில் பாலை ஊற்றி, சூடு நன்றாகத் தணிந்தபின் இரண்டே கரண்டி தயிர். சாப்பிடும் நேரத்துக்குள் அதுவே தோய்ந்துவிடும். காலையிலேயே முழுக்கத் தயிர் விட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும். உப்பு 20 கிராம், தனிக் கிண்ணத்தில் நிறுத்து மூடி வைத்திருக்கிறேன்.

அம்மா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காய்ச்சல் பக்கம் முகத்தைக் கொண்டுபோய், "பெருங்காயம் கூட" என்றார். கூடத்தான். நான் அழவில்லை, புகை.

பிப்ரவரி 12, காலை 8.50

புளியோதரை கலந்தாயிற்று. சுண்டல் தாளித்தாயிற்று. ஐயர் வந்துவிட்டார், கோலத்தை மிதித்துக்கொண்டு.

உப்புக் கிண்ணம் காலியாக இருக்கிறது. தயிர்சாதத்தில் நான் போட்டேனா, அக்கா போட்டாளா, இரண்டு பேருமா