பிள்ளை பெற்ற பிறகு வந்த காய்ச்சல்

என் இரண்டாவது குழந்தை பிறந்து ஒன்றரை வாரம் ஆகியிருந்தது. சுகப்பிரசவம். நஞ்சுக்கொடி முழுதாக வெளியே வந்துவிட்டதாக மருத்துவமனை கொடுத்த தாளில் எழுதியிருந்தது. அதனால் உடம்பு சூடாகத் தொடங்கியபோது கருப்பையில் ஏதோ இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. “பால் கட்டிக்கிச்சு, அதான் காயுது. பிள்ளைக்கு நல்லா கொடு, இறங்கிடும்” என்றார் அம்மா.

பால் கட்டினாலும் காய்ச்சல் வரும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது மார்பில் ஓரிடம் கல்லாக இறுகும், தொட்டால் வலிக்கும், தோல் சிவந்திருக்கும். எனக்கு அப்படி எதுவும் இல்லை. வலி அடிவயிற்றில்தான் இருந்தது. கூடவே ரத்தப்போக்கும் திசை மாறியிருந்தது.

இந்தத் திசை மாற்றத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாட்கள் நல்ல சிவப்பாகப் போகும். அப்புறம் இளஞ்சிவப்பு, பழுப்பு என்று மாறும். இரண்டாவது வாரத்துக்குப் பிறகு மஞ்சளாக, வெள்ளையாகக் குறைந்து, சுமார் ஆறு வாரத்தில் நின்றுவிடும். பால் கொடுக்கும்போதும் அதிகம் நடமாடும்போதும் சற்றுக் கூடலாம், ஓய்வெடுத்தால் தணிந்துவிடும். எனக்கோ பழுப்புக்கு வந்த பிறகு மறுபடி பளிச்சென்ற சிவப்பு, அதுவும் கட்டிகளோடு. வாடையும் மாறியது. இயல்பான போக்குக்கு மாதவிடாய் போன்ற வாடைதான் இருக்கும். இது கெட்டுப்போன மீன் போல நாறியது. குளித்து, பேட் மாற்றிய பிறகும் போகவில்லை.

நம் வீடுகளில் இதற்கு வேறு விளக்கம் சொல்வார்கள். “கெட்ட ரத்தம் வெளியேறுது, நல்லதுதான், உள்ளே தங்கக் கூடாது.” பூண்டும் பத்தியக் குழம்பும் சாப்பிடுவதே அதற்குத்தான் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தியச் சாப்பாட்டில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் நாற்றம் என்பது உள்ளே கிருமி பெருகுகிறது என்ற தகவல். அதைச் சுத்திகரிப்பு என்று எண்ணிக் காத்திருப்பதுதான் ஆபத்து. காத்திருக்கக் கூடாது என்று எனக்கு முதலில் சொன்னவர் மசாஜ் செய்ய வரும் மலாய் அம்மா, எங்கள் மக்சிக்தான். என் கையைத் தொட்டுப் பார்த்தவர், “காய்ச்சல் இருக்கு, நான் வயிற்றைத் தொட மாட்டேன், டாக்டரிடம் போ” என்று எண்ணெய்ப் பாட்டிலை மூடிவிட்டார்.

வெப்பமானி 37.6 காட்டியது. பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் தையல் வலிக்காக ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பெனடால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அது காய்ச்சலையும் அமுக்கி வைத்துவிடும். அடுத்த மாத்திரைக்கு முன் அளந்தபோது 38.7. அதோடு போர்வைக்குள்ளும் பற்கள் அடிக்கும் அளவுக்குக் குளிர் நடுக்கம். பிரசவமான பெண்கள் வலி மாத்திரை எடுப்பதாக இருந்தால், அதை விழுங்குவதற்கு முன் அளந்து எழுதி வையுங்கள். 38 அல்லது அதற்கு மேல் என்றால் மற்ற அறிகுறிகளும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அன்றே பார்க்க வேண்டும்.

பிரசவ வார்டுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். நர்ஸ் கேட்டவை நேரடியானவை: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேட் நனைகிறது? கட்டி எவ்வளவு பெரிது? தலை சுற்றுகிறதா, மூச்சு வாங்குகிறதா, சிறுநீர் போகிறதா? ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே தொடர்ந்தால், அல்லது எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகள் விழுந்தால் அது அவசரம். மயக்கம், மூச்சுத்திணறல், குழப்பமான பேச்சு, வேர்த்துச் சில்லிட்ட தோல், நெஞ்சு படபடப்பு இதில் எது இருந்தாலும் டாக்சி தேடாமல் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழைக்கச் சொன்னார். கிருமி ரத்தத்தில் பரவினால் சிலருக்கு உடல் வெப்பம் 36-க்குக் கீழே இறங்குமாம். அதனால் உடம்பு மோசமாகிக்கொண்டே இருக்கும்போது ‘காய்ச்சல் இல்லையே’ என்று ஆறுதல் அடையக் கூடாது.

எனக்கு அந்த அளவு ரத்தம் போகவில்லை, ஆனாலும் உடனே வரச் சொன்னார்கள். அக்கம்பக்கத்து கிளினிக் அந்த இரவில் பயன்படாது. ஸ்கேன், நரம்பு வழி மருந்து, ரத்தம் ஏற்றும் வசதி எல்லாம் மருத்துவமனையில்தான் உண்டு. கேகே மருத்துவமனையில் மகளிருக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. எங்கே போனாலும் முகப்பில் முதல் வாக்கியமாக, “பிள்ளை பெற்று ஒன்றரை வாரம், காய்ச்சல், ரத்தம் கூடியிருக்கிறது” என்று சொல்லுங்கள். வெறும் ‘காய்ச்சல்’ என்றால் வரிசை வேறு மாதிரி ஆகிவிடும்.

நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் அடிவயிற்றை அழுத்தியபோது அலறிவிட்டேன். மார்பு, தையல், கால் எல்லாவற்றையும் பார்த்தார். சிறுநீர்ச் சோதனையும் செய்தார்கள். சிங்கப்பூரில் காய்ச்சல் என்றால் டெங்கியையும் விலக்க வேண்டும் என்பதால் அதற்கும் ரத்தம் எடுத்தார்கள். வீட்டில் யாருக்காவது தொண்டை வலியா என்ற கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது. தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி, பிரசவமான கருப்பைக்குள் போனால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம் என்றார். கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ரத்தமும் உள்ளிருந்து ஒரு மாதிரியும் எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக்கை நரம்பு வழியாக ஏற்றினார்கள். பால் கொடுக்கலாமா என்று கேட்டேன். இந்த மருந்துகளோடு கொடுக்கலாம் என்றார்கள், குழந்தையைக் கொண்டு வரச் சொன்னோம்.

ஸ்கேனில் கருப்பைக்குள் ஏதோ தெரிந்தது. ஆனால் ரத்தக் கட்டியும் நஞ்சுத் துணுக்கும் ஸ்கேனில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்குமாம். அதற்குள் ரத்த ஓட்டம் தெரிந்ததால் நஞ்சுத் துணுக்காக இருக்கலாம் என்றார் டாக்டர். முழுதாக வந்ததுபோல் தோன்றிய நஞ்சிலிருந்தும் சிறு பகுதி உள்ளே ஒட்டிக்கொள்வது உண்டு. அது இருக்கும்வரை கருப்பை நன்றாகச் சுருங்காது, ரத்தம் போகும், கிருமிக்கும் இடமாகும்.

உடனே எடுத்துவிடுங்கள் என்றார் என் கணவர். டாக்டர் நிதானமாக விளக்கினார். பிரசவமான கருப்பை மென்மையாக இருக்கும், கிருமித் தொற்று அதை இன்னும் மென்மையாக்கும். கருவி பட்டு ஓட்டை விழவோ, உள்ளே தழும்பு ஏற்பட்டு அடுத்த கருத்தரிப்பைப் பாதிக்கவோ வாய்ப்பு உண்டு. ரத்தம் கொட்டினால் காத்திருக்க மாட்டோம், இப்போது கட்டுக்குள் இருப்பதால் முதலில் மருந்து உள்ளே போகட்டும் என்றார். மறுநாள் மயக்க மருந்து கொடுத்து, ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே எடுத்தார்கள். எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. பலருக்கு ஆன்டிபயாட்டிக் மட்டுமே போதும்.

காய்ச்சல் விட்டு ஒரு நாளுக்கு மேல் திரும்பாத பிறகே நரம்பு வழி மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சலோ நாற்றமோ மீண்டும் வந்தால் மறு சந்திப்புத் தேதிக்குக் காத்திராமல் திரும்பி வரச் சொன்னார்கள். எடுத்த துணுக்கு நஞ்சுதான் என்று ஆய்வக முடிவு வந்தது. அடுத்த பிரசவம் என்று ஒன்று இருந்தால் இதை முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும், அப்போதுதான் நஞ்சு வெளிவரும் கட்டத்தில் கூடுதல் கவனத்தோடு இருப்பார்கள் என்று டாக்டர் என் கோப்பிலும் எழுதி வைத்தார்.